எதிரொலி கேட்கிறதா? கோளாறு அநேகமாக உங்களிடம் இல்லை

பிரவுசரில் மீட்டிங் நடக்கிறது. நீங்கள் பேசுகிறீர்கள், சற்றுத் தாமதமாக உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பிக் கேட்கிறது. உடனே என்ன செய்வோம்? மைக்கைக் கழற்றி மாட்டுவோம், சத்தத்தைக் குறைப்போம். அப்புறம் "என் லேப்டாப்பில்தான் ஏதோ கோளாறு, ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் திரும்பி வருவோம். அப்போதும் எதிரொலி அப்படியே இருக்கும். காரணம், எதிரொலியைக் கேட்கிறவரிடம் கோளாறு இருப்பது அபூர்வம். அது எதுவும் கேட்காமல் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் வேறொருவரிடம் இருக்கும்.

உங்கள் குரல் போகும் வழியைப் பின்தொடர்ந்தால் இது புரிந்துவிடும். நீங்கள் பேசியது இணையம் வழியாகப் போய் எதிர்முனையில் இருப்பவரின் ஸ்பீக்கரில் ஒலிக்கிறது. அந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே அவருடைய மைக் திறந்திருக்கிறது. மைக்குக்கு யார் குரல் என்ற பேதமெல்லாம் தெரியாது. அறையில் கேட்பதையெல்லாம் எடுத்து அனுப்பும். அதில் உங்கள் குரலும் சேர்ந்து, வந்த வழியே திரும்பி உங்களிடம் வருகிறது. போகவும் வரவும் ஆகும் நேரம்தான் அந்தத் தாமதம். அவருக்கு அவர் குரல் திரும்பிக் கேட்பதில்லை, ஏனென்றால் நீங்கள் ஹெட்செட் போட்டிருக்கிறீர்கள். அதனால் தன் பக்கம் எல்லாம் சரி என்றே அவர் நினைப்பார்.

எனவே ஆளைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். எதிரொலி கேட்பவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், சும்மா எண்களை எண்ணினாலும் போதும். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் மைக்கை ம்யூட் செய்ய வேண்டும். யார் ம்யூட் செய்ததும் எதிரொலி நிற்கிறதோ, அவர் மைக் வழியாகத்தான் அது வருகிறது. ஐந்து பேர் இருக்கும் மீட்டிங்கில் இதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

சரி, ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் அவர் ஹெட்செட் போட்டிருந்தால்? எங்கள் வாராந்தர மீட்டிங்கில் இப்படித்தான் நடந்தது. தொலைவில் இருந்து பேசிய ஒரு தோழிக்கு மட்டும் அல்ல, வெளியூரில் இருந்த எல்லோருக்குமே எதிரொலி கேட்டது. ஒவ்வொருவராக ம்யூட் செய்து பார்த்ததில் ஒரே ஒரு நண்பர் மேல் வந்து நின்றது. அவரோ காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தார். "ஸ்பீக்கரே இல்லாமல் எனக்கு எப்படி எதிரொலி வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கேமராவைக் கொஞ்சம் திருப்பச் சொன்ன பிறகே விஷயம் தெரிந்தது. பக்கத்து மேசையில் இன்னொருவர் தன் லேப்டாப்பில் அதே மீட்டிங்கில் இருந்தார். ஒழுங்காகத் தன் மைக்கை ம்யூட் செய்து வைத்திருந்தார். ஸ்பீக்கர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஸ்பீக்கரில் வந்த எங்கள் குரலை ஹெட்செட் நண்பரின் மைக் எடுத்து எங்களுக்கே அனுப்பியிருக்கிறது. ஒரே அறையில் இரண்டு கருவிகள் ஒரே மீட்டிங்கில் இருந்தால் இரண்டாவது கருவியின் மைக்கை ம்யூட் செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, ஸ்பீக்கரையும் நிறுத்த வேண்டும். மைக், ஸ்பீக்கர் இரண்டுமே இரண்டு கருவிகளிலும் திறந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒன்றின் ஸ்பீக்கர் சத்தம் மற்றதன் மைக்கில் ஏறி, அது மறுபடி முதல் ஸ்பீக்கரில் வந்து, சுற்றிச் சுற்றிப் பெருகி, கடைசியில் ஊளையிடும் சத்தமாகிவிடும். மேடை மைக்கை ஸ்பீக்கர் முன்னால் கொண்டுபோனால் கேட்குமே, அதே ஊளைதான்.

இங்கே ஒரு கேள்வி எழும். ஹெட்செட் இல்லாமல் லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரிலும் மைக்கிலும் எத்தனையோ பேர் பேசுகிறார்கள், அவர்களால் எதிரொலி வருவதில்லையே? வராமல் தடுப்பது பிரவுசர். மீட்டிங் பக்கம் மைக்கைக் கேட்கும்போது, பிரவுசர் வழக்கமாக மூன்று வேலைகளைத் தானாகச் செய்யும். அவற்றின் பெயர்கள் `echoCancellation`, `noiseSuppression`, `autoGainControl`. முதலாவது எதிரொலியை நீக்கும், இரண்டாவது இரைச்சலைக் குறைக்கும், மூன்றாவது குரலின் அளவை ஏற்றி இறக்கிச் சமப்படுத்தும்.

எதிரொலி நீக்கி வேலை செய்யும் விதம் தெரிந்தால் அது எங்கே தோற்கும் என்பதும் தெரிந்துவிடும். ஸ்பீக்கருக்கு அனுப்பப் போகும் ஒலியின் பிரதி ஒன்று அதன் கையில் இருக்கிறது. அந்த ஒலி ஸ்பீக்கரில் வெளிப்பட்டு, சுவரில் மேசையில் பட்டு, மைக்கை அடையும்போது எப்படி மாறியிருக்கும் என்று அது கணக்கிடுகிறது. மைக்கில் வந்ததிலிருந்து அந்தக் கணக்கைக் கழிக்கிறது. மிச்சம் இருப்பது அறையில் இருப்பவரின் குரல் மட்டும். ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு மாதிரி என்பதால் முதலில் சிறிது நேரம் அது கற்றுக்கொள்ள வேண்டும். மீட்டிங் தொடங்கியதும் லேசாக எதிரொலி கேட்டுத் தானாக மறைந்துவிட்டால், இந்தக் கற்றல் முடிந்தது என்று பொருள். நடுவில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போனால் பாடம் மறுபடி முதலிலிருந்து.

இப்போது எங்கள் நண்பரின் அறைக்கு வருவோம். அவர் பிரவுசரிடமும் எங்கள் குரலின் பிரதி இருந்தது. ஆனால் சத்தம் வந்தது பக்கத்து லேப்டாப்பிலிருந்து. இரண்டும் தனித்தனியாக இணையத்திலிருந்து ஒலியைப் பெறுகின்றன. எது எவ்வளவு பிந்தி ஒலிக்கும் என்பது நொடிக்கு நொடி மாறலாம். சில சமயம் பக்கத்து லேப்டாப் முந்திக்கொள்ளும். அப்போது பிரதி கைக்கு வருவதற்கு முன்பே ஒலி மைக்குக்கு வந்துவிடுகிறது. இன்னும் வராத ஒன்றை எப்படிக் கழிப்பது?

புளூடூத் ஸ்பீக்கரைப் பெரிய சத்தத்தில் வைத்து லேப்டாப் மைக்கில் பேசினாலும் இதே வகைச் சிக்கல் வரலாம். புளூடூத்தில் ஒலி கணிசமாகத் தாமதமாக வெளிவரும், அந்தத் தாமதம் நிலையாகவும் இருக்காது. சின்ன ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்தாலும் சிக்கல்தான். ஒலி கரகரத்துச் சிதையும், சிதைந்த ஒலி பிரதியோடு பொருந்தாது. அதனால் எதிரொலிக்குக் காரணமானவர் செய்ய வேண்டிய முதல் காரியம் ஸ்பீக்கர் சத்தத்தைப் பாதியாகக் குறைப்பது. பல நேரம் அதோடு சரியாகிவிடும்.

எதிரொலி நீக்கிக்கு ஒரு பக்க விளைவும் உண்டு. ஸ்பீக்கரில் ஒருவர் பேசும்போதே நீங்களும் பேசினால், எது எதிரொலி, எது உங்கள் குரல் என்று பிரிப்பது அதற்குக் கடினம். சந்தேகம் வந்தால் உங்கள் குரலையும் சேர்த்து அமுக்கிவிடும். "நீங்க நடுவுல நடுவுல கட் ஆகுறீங்க" என்று மற்றவர்கள் சொன்னால் இணையத்தைத் திட்டுவதற்கு முன் இதையும் யோசியுங்கள். ஹெட்செட் மாட்டியதும் வெட்டு நின்றால் குற்றவாளி இணையம் இல்லை.

ஆக, ஹெட்செட் செய்யும் முதல் உதவி, ஸ்பீக்கர் சத்தம் மைக்கை எட்டாமல் செய்வது. இரண்டாவது உதவி மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவருவது. என் கணக்கில் இதுதான் பெரியது. தூரம் பாதியானால் மைக்கில் விழும் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். லேப்டாப் மைக் வாயிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருக்கிறது, ஹெட்செட்டின் தண்டு மைக் 5 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தூரம் பத்தில் ஒன்றாகிறது, குரல் சுமார் 20 டெசிபெல் ஏறுகிறது. மின்விசிறிச் சத்தமோ ஏறக்குறைய அங்கேயேதான் இருக்கிறது. எந்த மென்பொருளும் இல்லாமல், குரலைச் சிதைக்காமல் கிடைக்கும் 20 டெசிபெல் இது. மைக்கை வாய்க்கு நேர் முன்னால் வைக்காமல் வாயின் ஓரத்தில் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். நேர் முன்னால் வைத்தால் மூச்சுக்காற்று மோதி 'புஸ் புஸ்' என்று கேட்கும்.

ஹெட்செட் வாங்கும்போது பெட்டியில் 'நாய்ஸ் கேன்சலிங்' என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. அந்தச் சொல் இரண்டு வேறு விஷயங்களைக் குறிக்கும். ஒன்று உங்கள் காதுக்கானது: வெளிச் சத்தத்துக்கு எதிர் அலையை உண்டாக்கி நீங்கள் கேட்கும் இரைச்சலைக் குறைப்பது. மற்றது மைக்குக்கானது: உங்கள் குரலோடு போகும் இரைச்சலைக் குறைப்பது. காதுக்கானதை மட்டும் வாங்கினால் உங்களுக்கு உலகமே அமைதியாக இருக்கும், எதிர்முனையில் இருப்பவருக்கோ உங்கள் வீட்டு மிக்சி அப்படியே கேட்கும். மீட்டிங்குக்கு வாங்குகிறீர்கள் என்றால் நான் முதலில் பார்ப்பது வாய் வரை நீளும் தண்டு மைக் இருக்கிறதா என்பதைத்தான்.

அடுத்து இணைப்பு. யூ.எஸ்.பி. ஹெட்செட் தனக்கென்று ஒரு சவுண்ட் கார்டோடு வருகிறது. மைக், ஸ்பீக்கர் தேர்வுப் பட்டியலில் தன் பெயரோடு தெரியும், எனவே தேர்ந்தெடுப்பது சுலபம். தினமும் மீட்டிங் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். உருண்டை முள் கொண்ட 3.5 மி.மீ. இயர்போன் என்றால் முள்ளில் இருக்கும் வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையங்கள் இருந்தால் அதில் மைக்குக்கும் இடம் உண்டு. இரண்டே வளையங்கள் என்றால் அது கேட்பதற்கு மட்டும். பழைய மேசைக் கணினியில் மைக்குக்கு இளஞ்சிவப்பு, ஸ்பீக்கருக்குப் பச்சை என்று தனித்தனித் துளைகள் இருக்கும். மூன்று வளைய முள்ளை அதில் மாட்ட, இரண்டாகப் பிரியும் இணைப்பி ஒன்று வேண்டும். இல்லையென்றால் காதில் கேட்கும், மைக் மட்டும் ஊமையாக இருக்கும்.

புளூடூத் ஹெட்செட்டில் ஒரு விசித்திரம் உண்டு. பாட்டுக் கேட்கும்போது அருமையாக இருக்கும். மீட்டிங்கில் நுழைந்த அந்தக் கணமே எல்லார் குரலும் பழைய தொலைபேசியில் கேட்பது போல மங்கிவிடும். ஹெட்செட் கெட்டுப்போகவில்லை. வழக்கமான புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு முறை, பேச்சுக்கு இன்னொரு முறை. முதலாவதில் ஒலித் தரம் அதிகம், ஆனால் மைக் கிடையாது. மைக்கைத் திறந்ததும் ஹெட்செட் இரண்டாவது முறைக்குத் தாவுகிறது. அதில் ஒலி நொடிக்கு 16,000 மாதிரிகளாக, பழைய கருவிகளில் 8,000 மாதிரிகளாகவே போகிறது. பாட்டுக்கு இது 44,100. எல்.இ. ஆடியோ என்ற புதிய முறை இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது, ஆனால் கணினி, ஹெட்செட் இரண்டும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். அதுவரை ஒரு சின்னத் தந்திரம்: மீட்டிங்கின் ஆடியோ செட்டிங்ஸில் ஸ்பீக்கராகப் புளூடூத் ஹெட்செட்டையும், மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். காதில் விழும் தரம் திரும்பிவிடும், எதிரொலியும் வராது. விலை என்னவென்றால், மைக் மறுபடி 50 செ.மீ. தள்ளிப் போய்விடுகிறது. அமைதியான அறையில் மட்டும் செய்யத் தக்கது.

புது ஹெட்செட் வாங்கிய மறுநாள் "உங்க குரலே கேட்கல" என்று சொல்வதும் வழக்கமான காட்சிதான். பெரும்பாலும் பிரவுசர் இன்னும் பழைய மைக்கையே பிடித்துக்கொண்டிருக்கும். எங்கே தடைபடுகிறது என்று பார்க்க, முதலில் மீட்டிங்கை விட்டுவிட்டுக் கணினியின் ஒலி செட்டிங்ஸுக்குப் போங்கள். விண்டோஸ் 11இல் `Settings > System > Sound` பக்கத்தில் உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுத்துப் பேசினால் ஒரு பட்டை அசைய வேண்டும். அங்கேயே அசையவில்லை என்றால் பிரவுசரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹெட்செட் கம்பியில் இருக்கும் ம்யூட் பொத்தான், தண்டை மேலே தூக்கினால் தானாக ம்யூட் ஆகும் வசதி, சரியாக உட்காராத முள் என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டியவை அவை.

கணினியில் பட்டை அசைகிறது, மீட்டிங்கில் அசையவில்லை என்றால், மீட்டிங்கின் ஆடியோ செட்டிங்ஸில் புது மைக் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் தடை அனுமதியில் இருக்கும். முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் சின்னத்தைத் தட்டிப் பாருங்கள். என்றைக்கோ அவசரத்தில் `Block` என்று அழுத்தியிருப்போம், பிரவுசர் அதை மறக்காமல் வைத்திருந்து கேட்காமலே மறுத்துக்கொண்டிருக்கும். குரோமில் `chrome://settings/content/microphone` என்று தட்டினால் எந்தெந்தத் தளத்துக்கு மறுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் தெரியும். அதற்கும் மேலே கணினியின் அனுமதி ஒன்று இருக்கிறது. விண்டோஸில் அது `Privacy & security > Microphone` பக்கத்தில், `Let desktop apps access your microphone` என்ற பெயரில் இருக்கும். மேக்கில் `System Settings > Privacy & Security > Microphone`. மேக்கில் அனுமதி கொடுத்த பிறகு பிரவுசரை முழுக்க மூடித் திறந்துவிடுவது நல்லது. மற்றவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் கதை சின்னது. வெளி மானிட்டரை மாட்டியதும் ஒலி அதற்குத் தாவியிருக்கும், அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இருக்காது. ஸ்பீக்கர் தேர்வை மாற்றினால் முடிந்தது.

இனி இரைச்சல். மின்விசிறி, ஏசி போல மாறாமல் ஓடும் சத்தத்தைப் பிரிப்பது எளிது. ஒரே மாதிரி இருப்பதை இரைச்சல் என்று வைத்துக்கொண்டு கழித்தால் போதும். பிரவுசரின் `noiseSuppression` இதை நன்றாகவே செய்கிறது. கீபோர்டு தட்டல், நாய் குரைப்பு, கதவுச் சத்தம் ஆகியவை திடீரென்று வந்து போகும். அவற்றைப் பிரிக்க, மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருள் வேண்டும். மீட்டிங் சேவைகளின் செட்டிங்ஸில் `Noise suppression` அல்லது `Noise cancellation` என்று தனியாக இருப்பது பெரும்பாலும் இந்த வகை. அதற்கும் ஓர் எல்லை உண்டு. பக்கத்தில் இன்னொருவர் பேசினால் அதுவும் மனிதக் குரல்தான், பல மென்பொருள்கள் அதை விட்டுவிடும்.

தவறு நடப்பது இந்த வசதிகளை அடுக்கும்போது. ஹெட்செட்டுக்குள் ஒன்று, லேப்டாப் நிறுவனத்தின் ஆடியோ மென்பொருளில் ஒன்று, பிரவுசரில் ஒன்று, மீட்டிங் சேவையில் ஒன்று என்று நான்கும் ஒரே நேரத்தில் ஓடலாம். முதலாவது சுத்தம் செய்யும்போதே குரல் கொஞ்சம் மாறிவிடுகிறது. மாறிய குரலை இரண்டாவது பார்த்து, இதில் பாதி இரைச்சல் என்று முடிவு கட்டுகிறது. முடிவில் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும், வாக்கியத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படும், மெதுவாகத் தொடங்கினால் முதல் எழுத்து காணாமல் போகும். இப்படிக் கேட்கிறது என்று யாராவது சொன்னால் இரைச்சல் குறைப்பை இன்னும் கூட்டாதீர்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டிங் சேவையில் இருப்பதை மட்டும் வையுங்கள். `Low`, `High` என்று படிகள் இருந்தால் கீழ்ப் படியில் தொடங்கலாம்.

நீங்கள் பேசாமல் இருக்கும்போது மின்விசிறிச் சத்தம் மெல்ல மெல்ல எழுந்து, பேசத் தொடங்கியதும் அடங்குகிறது என்றால் அது `autoGainControl` செய்யும் வேலை. குரல் வரவில்லையே என்று அது மைக்கின் ஏற்றத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவந்தால் அதற்குக் கூட்ட வேண்டிய தேவை குறையும்.

நம் குரல் எப்படிப் போகிறது என்பது நமக்குக் கேட்காது. அதனால் மீட்டிங்குக்கு முன் கணினியின் குரல் பதிவுச் செயலியில் பத்து நொடி பேசிப் பதிந்து கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிவில் பிரவுசரின் கை படுவதில்லை. அதிலேயே இரைச்சலோ சிதைவோ இருந்தால் காரணம் அறை, மைக், ஹெட்செட் அல்லது கணினியின் ஆடியோ மென்பொருள். பதிவு சுத்தமாக இருந்து, மீட்டிங்கில் மட்டும் குரல் உடைந்தால் பிரவுசரையும் சேவையின் செட்டிங்ஸையும் இணையத்தையும் பார்க்க வேண்டும்.

இசை வகுப்புக்கு மட்டும் இந்த அறிவுரைகள் தலைகீழ். வயலினில் ஒரு சுரத்தை நீட்டி வாசித்தால், மாறாமல் ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று நினைக்கும் மென்பொருள் அதைக் கரைத்துவிடும். மாணவர் வில்லை இழுத்துக்கொண்டே இருப்பார், ஆசிரியருக்கு இரண்டு நொடிக்கு மேல் எதுவும் கேட்காது. ஜூமில் இதற்கென்றே `Original sound for musicians` என்ற தேர்வு இருக்கிறது. மற்றவற்றில் இரைச்சல் குறைப்பை முழுதாக அணைக்க வேண்டும். எதிரொலி நீக்கியையும் அணைக்கலாம், ஆனால் இருவர் காதிலும் ஹெட்போன் இருந்தால் மட்டும்.